மாண்டரின் சீனத்தின் 'ஷி … த' அமைப்பும் தமிழின் பெயராக்கத் தொடரும்: கடந்த நிகழ்வின் காலம், இடம், முறை குறித்த அழுத்தம்

ஆய்வுச் சுருக்கம்

நடந்து முடிந்த ஒரு நிகழ்வு முன்பே அறியப்பட்டிருக்க, அது நிகழ்ந்த காலத்தையோ இடத்தையோ முறையையோ மட்டும் அழுத்திக் கூற மாண்டரின் சீனம் 'ஷி … த' என்னும் அமைப்பைக் கையாளுகிறது. தமிழில் 'வந்தது நேற்று' என்பது போன்ற பெயராக்கத் தொடர் இதே பணியைச் செய்கிறது. இக்கட்டுரை கொல்லிமலைப் பயணச் சூழலில் அமைத்துக்கொண்ட தொடர்களின் வழி இவ்விரண்டையும் ஒப்பிடுகிறது. எதிர்மறையில் இரு மொழிகளும் கொள்ளும் ஒற்றுமையும், மொழிபெயர்ப்பில் 'தான்' என்னும் இடைச்சொல் விளைவிக்கும் பிழையும் சிறப்பாக ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மாண்டரின், ஷி … த, பெயராக்கம், அழுத்தம், முற்கோள், அல்ல, இல்லை, தான்.

1. முன்னுரை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டை அடைந்த ஒருவரைக் காணும் உள்ளூரார், 'எப்போது வந்தீர்கள்?' எனக் கேட்பர். வந்தவர் கண்முன் நிற்கிறார். ஆகவே வருகை ஐயத்திற்கு இடமற்றது. கேட்கப்படுவது அதன் காலம் மட்டுமே. இத்தகைய வினாவில் தெரிந்த பகுதியும் தெரியாத பகுதியும் பிரிந்து நிற்கின்றன. தெரிந்த பகுதியை மொழியியலார் முற்கோள் என்றும், தெரியாததை நிரப்பும் பகுதியை அழுத்தக்கூறு என்றும் வழங்குவர்.

தமிழ் வினைமுற்று காலங்காட்டுவதால் 'வந்தீர்கள்' என்ற அளவிலேயே நிகழ்வு முடிந்ததென்பது விளங்கிவிடும். சீன வினைச்சொல் காலம், இடம், எண், பால் எதற்கும் திரிபடைவதில்லை. எனவே இப்பிரிப்பை உணர்த்த அம்மொழிக்குத் தனி அமைப்பு தேவைப்படுகிறது. அவ்வமைப்பே 'ஷி … த'. சீனத் தொடர்கள் இங்குத் தொனிக்குறியின்றித் தமிழெழுத்தில் தரப்படுகின்றன. பிழைத்தொடர்கள் முன் உடுக்குறி இடப்பட்டுள்ளது.

2. அமைப்பும் பொருளும்

'ஷி' என்பது 'ஆகு' எனும் பொருளுடைய இணைப்புவினை. 'தா ஷி லாவ்ஷி' என்றால் 'அவர் ஆசிரியர்' என்பது பொருள். 'த' என்பது பெயரடைத் தொடரைப் பெயரோடு இணைக்கும் உருபு. 'லாய் த ரென்' என்பது 'வந்த மனிதர்' எனப் பொருள்படும். பின்வரும் பெயர் தொகும்போது 'லாய் த' என்பதே 'வந்தவர்', 'வந்தது' என நிற்கும். இவ்விரு எளிய உறுப்புகளும் சேர்ந்தே அழுத்த அமைப்பைத் தருகின்றன.

(1) தா லாய் ல. — 'அவர் வந்துவிட்டார்.'
(2) தா ஷி ட்ஸுவோதியென் லாய் த. — 'அவர் வந்தது நேற்று.'
(3) தா ஷி ட்ஸோ லு லாய் த. — 'அவர் வந்தது நடந்து.'

(1) வருகையைப் புதுச்செய்தியாக அறிவிக்கிறது. 'ல' என்னும் உருபு நிகழ்வு நிறைவுற்றதைக் காட்டுகிறது. (2), (3) ஆகியவற்றில் வருகை முன்பே அறியப்பட்டது. நாளும் முறையும் மட்டுமே புதியன. அழுத்தம் பெறும் கூறு 'ஷி'க்கு அடுத்து நிற்கிறது. வினை 'த'வுக்கு முன் நிற்கிறது. செய்தவரை அழுத்த வேண்டின் 'ஷி' எழுவாய்க்கு முன் செல்லும்: 'ஷி தா மாய் த' — 'வாங்கியது அவர்'.

அறிவிக்கும் பணிக்குரிய 'ல', முற்கோளாகிவிட்ட நிகழ்வில் இடம்பெறாது. எனவே '*தா ஷி ட்ஸுவோதியென் லாய் ல த' என்பது வழு. சீனம் பயிலும் தமிழர் கடந்தகாலம் என்றதும் 'ல' சேர்ப்பதால் நேரும் வழு இது. நிகழ்வு முடிந்ததா என்பது செய்தியானால் 'ல'. எப்போது, எங்கே, எவ்வாறு முடிந்தது என்பது செய்தியானால் 'த'. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் வழு நீங்கும்.

'த' இல்லாதபோது காலமே மாறிவிடுவதையும் காணலாம்.

(4) நி ஷென்ம ஷிஹோவ் லாய் த? — 'நீங்கள் எப்போது வந்தீர்கள்?'
(5) நி ஷென்ம ஷிஹோவ் லாய்? — 'நீங்கள் எப்போது வருவீர்கள்?'

இரண்டிற்கும் வேறுபாடு இறுதியில் நிற்கும் 'த' ஒன்றே. செம்மேட்டில் நிற்கும் விருந்தினரிடம் (5)ஐக் கேட்டால் அது பொருந்தா வினாவாகும். (4)இல் 'ஷி' தொக்கிருப்பதும் நோக்கத்தக்கது. உடன்பாட்டில் 'ஷி' தொகலாம்; இறந்தகால அழுத்தப் பொருளைத் தாங்கும் 'த' தொகாது.

'வோ ஷி பு ஹுய் லாய் த' — 'நான் வரவே மாட்டேன்' என எதிர்காலத்திலும் 'ஷி … த' வருகிறதே எனின், அது வேறு அமைப்பு. அங்கே முழுத்தொடரும் உறுதிப்படுத்தப்படுகிறது. ஒரு கூறு பிரித்து அழுத்தப்படுவதில்லை. பால், விட்மன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இவ்விரண்டையும் தனித்தனி அமைப்புகளாகவே பிரித்துக் காட்டியது.

3. தமிழின் பெயராக்கத் தொடர்

'வந்தது' என்பது 'வந்த' என்னும் பெயரெச்ச அடியோடு 'து' சேர்ந்த காலங்காட்டும் தொழிற்பெயர். 'லாய் த' என்பதும் பெயரடைத் தொடரிலிருந்தே பெயர்த்தன்மை பெறுகிறது. உறவில்லாத இரு மொழிகள், முற்கோளைப் பெயராக்கி எஞ்சியதைப் பயனிலையாக்கும் ஒரே வழியைத் தேர்ந்துள்ளன.

(6) நான் செம்மேட்டில் தேன் வாங்கினேன்.
(7) நான் தேன் வாங்கியது செம்மேட்டில்.

(6)இல் வினைமுற்று எழுவாயோடு இயைகிறது. (7)இல் அவ்வியைபு நீங்கி வினை பெயராகிறது. இடப்பொருட்கூறு தொடரின் இறுதிக்குச் செல்கிறது. சீனத்திலோ அழுத்தக்கூறு தன் இடம்விட்டுப் பெயராமல், முன்னால் 'ஷி' பெற்று நிற்கிறது. இவ்வகையில் மலையாளம் சீனத்திற்கு நெருக்கமானது. 'ஞான் இன்னலெயாணு வந்நது' என்னும் தொடரில் 'ஆணு' என்னும் இணைப்புவினை 'இன்னலெ' (நேற்று) என்பதோடு ஒட்டி நிற்க, வினை பெயராகிறது. 'ஆணு'வை 'ஷி'க்கும், 'வந்நது' என்பதை 'லாய் த'வுக்கும் இணையாகக் கொள்ளலாம். வேறுபாடு, 'ஷி' அழுத்தக்கூற்றுக்கு முன்னும் 'ஆணு' பின்னும் வருதலே.

மற்றொரு வேறுபாடு காலம் பற்றியது. தமிழ்த் தொழிற்பெயர் காலங்காட்டுவதால் 'நான் வருவது நாளை' என எதிர்காலத்திலும் இவ்வமைப்பு இயல்பாக வரும். சீனத்தில் ஒரு கூறை அழுத்தும் 'ஷி … த' நடந்து முடிந்த நிகழ்வுக்கே உரியது. எனவே 'நான் வருவது நாளை' என்பதைச் சீனத்தில் பெயர்ப்போர் 'த'வைச் சேர்த்தல் கூடாது.

4. எதிர்மறை: 'பு ஷி'யும் 'அல்ல'வும்

இரு அமைப்புகளின் ஒற்றுமை எதிர்மறையிலேயே மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. செம்மேட்டில் ஒருவர் தங்கியிருக்கிறார்; அவர் முந்தைய நாள் வந்தார் என ஒருவர் கூற, மற்றொருவர் மறுக்கிறார் எனக் கொள்வோம்.

(8) தா ட்ஸுவோதியென் மெய் லாய். — 'அவர் நேற்று வரவில்லை.'
(9) தா பு ஷி ட்ஸுவோதியென் லாய் த. — 'அவர் வந்தது நேற்று அல்ல.'

(8)இல் 'மெய்' நேற்றைய வருகை என்னும் நிகழ்வையே மறுக்கிறது. வேறு நாளில் வந்தாரா என்பதுபற்றி அது எதுவும் கூறவில்லை. (9) வருகையை ஏற்றுக்கொண்டு, நாளை மட்டும் மறுக்கிறது. 'முந்தாநாள்' என்று திருத்தம் தொடர்வதற்கு அது இடம் வைக்கிறது. அவர் கண்முன் இருக்கும்போது பொருந்துவது (9)ஏ.

தமிழும் இதே எல்லைக்கோட்டை வகுக்கிறது. 'இல்லை' நிகழ்வை மறுக்கும். 'அல்ல' ஒன்றை மற்றொன்றாகக் கூறும் கூற்றை மறுக்கும். இலக்கண நெறிப்படி அஃறிணை ஒருமைக்கு 'அன்று' உரியதாயினும், இக்கால வழக்கில் 'அல்ல' இரு எண்ணுக்கும் வழங்குவதால் இங்கு அதுவே கொள்ளப்பட்டது. 'வந்தது நேற்று' என்னும் உடன்பாட்டில் இணைப்புவினை இல்லை. எதிர்மறையிலோ 'அல்ல' வெளிப்பட்டே தீரும். சீனத்திலும் உடன்பாட்டில் 'ஷி' தொகலாம். எதிர்மறையில் 'பு ஷி' தொகாது. இரண்டும் பெயர்ப்பயனிலைத் தொடர்களே என்பதற்கு இது வலுவான சான்று.

நடைமுறையில் 'அல்ல' வரவேண்டிய இடத்தில் 'இல்லை' வழங்குவது பெருகிவருகிறது. 'அவர் நேற்று வரவில்லை' என எழுதினால், அவர் வரவே இல்லையா, வேறு நாளில் வந்தாரா என்பது தெளிவாகாது. களஆய்வுக் குறிப்பிலோ சாட்சியத்திலோ இவ்வேறுபாடு செய்தியையே மாற்றும். (9)ஐ 'நேற்று வரவில்லை' எனப் பெயர்த்தால், மூலம் ஏற்றுக்கொண்ட வருகையை மொழிபெயர்ப்பு ஐயத்திற்குள்ளாக்கிவிடுகிறது.

5. 'தான்' என்னும் இடர்

'ஷி … த' அமைப்பைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் 'தான்' சேர்க்கின்றனர். (2)ஐ 'அவர் நேற்றுத்தான் வந்தார்' என்பர். அழுத்தம் உணர்த்தலின் இது பொருத்தமாகத் தோன்றும். ஆயினும் 'நேற்றுத்தான்' என்பது பல சூழல்களில் 'மிக அண்மையில்', 'அதற்கு முன் இல்லை' என்னும் கூடுதல் பொருளைத் தருகிறது. வந்து நெடுநாளாகவில்லை என்பது குறிப்பு. சீனத்தில் அப்பொருளுக்கு 'சாய்' என்னும் தனிச்சொல் உண்டு: 'தா ட்ஸுவோதியென் சாய் லாய் த'. (2)இல் 'சாய்' இல்லை. ஆகவே அக்குறிப்பும் இல்லை.

தொல்காப்பியம் ஏகாரத்தின் பொருள்களுள் தேற்றம், பிரிநிலை இரண்டையும் வேறாக வைத்தது இங்கு எண்ணத்தக்கது. 'ஷி … த' ஒரு கூற்றை இதுவே எனச் சுட்டுகிறது. காலம் தாழ்ந்ததென்றோ குறைவென்றோ மதிப்பிடுவதில்லை. எனவே 'தான்' இல்லாத 'வந்தது நேற்று' என்னும் பெயராக்கத் தொடரே பொதுவாக நேரிய பெயர்ப்பாகும். மறுத்துரைக்கும் சூழலில், 'இன்று அல்ல, நேற்றுத்தான்' என முரண் வெளிப்படும்போது, 'தான்' சேர்த்தல் தவறாகாது.

மொழிபெயர்ப்பாளர் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பெயர்த்த தொடரின் பின் 'அதற்குள்ளேயா?' என்னும் வியப்பு பொருந்துமா எனப் பார்க்கலாம். பொருந்தினால், மூலத்தில் இல்லாத அண்மைக்குறிப்பு புகுந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

6. நிறைவுரை

'ஷி … த' கடந்தகாலத்தைக் காட்டும் உருபு என்பதைவிட, அறிந்த நிகழ்வைப் பெயராக்கி, அதன் சூழல்கூற்றைப் பயனிலையாக்கும் அமைப்பு என்பதே பொருந்தும். தமிழின் 'வந்தது நேற்று' அதற்கு அமைப்பாலும் பொருளாலும் நெருங்கியது. அழுத்தக்கூறு நிற்கும் இடத்தாலும், முக்காலத்திற்கும் உரியதாதலாலும் வேறுபடுகிறது. எதிர்மறையில் 'பு ஷி'க்கு 'அல்ல'வும், 'மெய்'க்கு 'இல்லை'யும் இணையாகின்றன. சீனத்திலிருந்து தமிழாக்குவோர் நிகழ்வு மறுக்கப்படுகிறதா, அதன் சூழல் மறுக்கப்படுகிறதா என முதலில் அறிந்து, பின்னரே எதிர்மறைச் சொல்லைத் தேர்தல் வேண்டும்.