ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று

1952-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஏ.எஸ். டக்ளஸ் என்ற ஆய்வு மாணவர், எட்சாக் என்ற பிரம்மாண்டமான கணினிக்கு டிக்-டாக்-டோ ஆடக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கணினியில் விசைப்பலகை எதுவும் இல்லை. எதிரே உட்கார்ந்தவர் தன் ஆட்டத்தைச் சொல்லப் பழைய சுழற்றும் டெலிபோனின் டயலைத்தான் திருகவேண்டும். ஒன்பது கட்டங்களுக்கு ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எண்கள். சிறு திரையில் புள்ளிகளாக எக்ஸும் ஓவும் தெரியும்.

டயல் போய்விட்டது, எண்கள் மட்டும் இங்கே நமக்கு உதவும். செல்போனில் எண்கள் இருக்கும் வரிசையை நினைத்துக்கொண்டால் போதும்:

```
1 2 3
4 5 6
7 8 9
```

மூலைகள் 1, 3, 7, 9. ஓரங்கள் 2, 4, 6, 8. நடுவில் 5. நேராகவும் குறுக்காகவும் மொத்தம் எட்டுக் கோடுகள். நடுக்கட்டத்தின் வழியே நான்கு கோடுகள் போகின்றன, மூலை வழியே மூன்று, ஓரம் வழியே இரண்டு. அதனால்தான் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆடும் பிள்ளைகள்கூட முதலில் நடுவைப் பிடிக்கப் பாய்கிறார்கள்.

அது தப்பான ஆட்டமல்ல. ஆனால் ஜெயிக்க ஆசைப்படுபவருக்கு மூலைதான் நல்ல தொடக்கம். காரணம் கோடுகளின் எண்ணிக்கையில் இல்லை, எதிராளிக்கு எத்தனை வழிகள் மிஞ்சுகின்றன என்பதில் இருக்கிறது. எக்ஸ் நடுவில் வைத்தால் ஓ எந்த மூலையில் வைத்தும் பிழைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் வைத்தால்தான் தோல்வி. எக்ஸ் மூலையில் வைத்தாலோ, மீதியுள்ள எட்டுக் கட்டங்களில் ஓவைக் காப்பாற்றுவது ஒன்றே ஒன்றுதான்: நடு. மற்ற ஏழில் எங்கே வைத்தாலும், எதிராளிக்கு ஆடத் தெரிந்திருந்தால், ஆட்டம் அப்போதே போய்விட்டது.

எப்படி என்று ஒரு ஆட்டத்தில் பார்க்கலாம். எக்ஸ் 1-ல் வைக்கிறார். ஓ அதற்கு ஒட்டினாற்போல 2-ல் வைக்கிறார். எக்ஸ் 5-ல் வைக்கிறார். அடுத்து 9 கிடைத்தால் 1-5-9 முடிந்துவிடும். ஓ வேறு வழியில்லாமல் 9-ல் அடைக்கிறார். இப்போது எக்ஸ் 7-ல் வைக்கிறார். 1-4-7 கோட்டில் 4 மட்டும் பாக்கி, 3-5-7 கோட்டில் 3 மட்டும் பாக்கி. ஓவுக்கு ஒரே ஒரு முறைதான் வைக்க முடியும். 4-ஐ அடைத்தால் 3, 3-ஐ அடைத்தால் 4.

செஸ் ஆடுபவர்கள் இதை ஃபோர்க் என்பார்கள். உண்டிவில் செய்யும் கவட்டை மாதிரி ஒரு புள்ளியிலிருந்து இரண்டு கிளை பிரிகிறது. டிக்-டாக்-டோவில் கவனமாக ஆடும் ஒருவரைத் தோற்கடிக்க இதைவிட்டால் வேறு வழியே கிடையாது. ஒரு கோட்டில் இரண்டு குறி சேர்ந்தால் யார் கண்ணிலும் பட்டுவிடும், அடைத்துவிடுவார்கள்.

கவட்டை ஏன் கண்ணில் படுவதில்லை? இரண்டு குறிகள் ஒன்றாக இருக்கும் கோட்டை மட்டுமே நாம் தேடுகிறோம். கவட்டையோ அதற்கு ஒரு படி முன்னால், ஒற்றைக் குறி மட்டும் உள்ள கோடுகளில் உருவாகிறது. எதிராளியின் குறி ஒன்று மட்டும் இருந்து, மற்ற இரண்டு கட்டங்களும் காலியாக உள்ள கோடுகளைக் கவனியுங்கள். அப்படிப்பட்ட இரண்டு கோடுகள் ஒரு காலிக் கட்டத்தில் சந்தித்தால், அதுதான் ஆபத்தான இடம். அங்கே ஒரு குறி விழுந்தால் இரண்டு கோடும் ஒரே நேரத்தில் இரண்டிரண்டாகிவிடும்.

இதைத் தெரிந்துகொண்டவரையும் கவிழ்க்கிற ஒரு நிலை உண்டு. எக்ஸ் 1-ல், ஓ சரியாக 5-ல், எக்ஸ் எதிர்மூலையான 9-ல். எக்ஸுக்கு உயிருள்ள கோடுகள் நான்கு: 1-2-3, 1-4-7, 3-6-9, 7-8-9. அவை 3-லும் 7-லும் சந்திக்கின்றன, அதாவது இரண்டு ஆபத்தான இடங்கள். “சரி, ஒன்றை நானே எடுத்துக்கொள்கிறேன்” என்று ஓ 3-ல் வைக்கிறார். 3, 5 என்று இரண்டு சேர்ந்துவிட்டதால் அடுத்து 7-ல் ஜெயிப்பேன் என்ற மிரட்டலும் அதில் இருக்கிறது. பார்க்க அருமையான ஆட்டம். ஆனால் அந்த மிரட்டல் எக்ஸை எங்கே தள்ளுகிறது? நேராக 7-க்கு, இன்னொரு ஆபத்தான இடத்துக்கே! எக்ஸ் 7-ல் அடைத்ததும் 4, 8 இரண்டிலும் வெற்றி காத்திருக்கிறது. ஓ தன் கையாலேயே கவட்டையை ஒடித்துக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

இங்கே ஓ வைக்கவேண்டியது ஓரத்தில். 2-ல் வைத்தால் 2-5-8 மிரட்டல். எக்ஸ் 8-க்குப் போயாகவேண்டும், அங்கே கவட்டை இல்லை. எக்ஸின் 8, 9 மிரட்டலுக்கு ஓ 7. ஓவின் 7, 5 மிரட்டலுக்கு எக்ஸ் 3. அதற்கு ஓ 6, கடைசியாக எக்ஸ் 4. ஒவ்வொரு அடைப்பும் ஒரு மிரட்டல், ஒவ்வொரு மிரட்டலுக்கும் ஒரு அடைப்பு. டிரா.

இதிலிருந்து “ஓரம்தான் பாதுகாப்பு” என்று மனப்பாடம் செய்தால் அதுவும் காலை வாரும். எக்ஸ் 5, ஓ 1, எக்ஸ் 9 என்ற நிலையில் ஓவை மூலைதான் காப்பாற்றும், ஓரத்தில் வைத்தால் தோல்வி. அதே இரண்டு எக்ஸ் ஒரு ஓதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. சூத்திரத்தை நம்புவதைவிடக் கோடுகள் சந்திக்கும் இடத்தைத் தேடுவதே மேல்.

சரியாக ஆடினால் டிராதான் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? இரண்டாவதாக ஆடும் ஓவுக்கு நிச்சய வெற்றி கிடையாது என்பதைக் கட்டம் கட்டமாகப் பார்க்காமலே நிரூபிக்கலாம். அப்படியொரு ரகசிய வழி ஓவிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ் முதலில் ஏதோ ஒரு கட்டத்தில் வைத்துவிட்டு, அதை மறந்து, தானே இரண்டாவது ஆள் என்று பாவித்து அந்த ரகசிய வழியிலேயே ஆடலாம். கூடுதலாகக் கிடக்கும் குறி யாருக்கும் கெடுதல் செய்யாது. அப்படியானால் எக்ஸும் ஜெயிக்கவேண்டும், ஓவும் ஜெயிக்கவேண்டும். நடக்காத காரியம்.

எக்ஸுக்கு நிச்சய வெற்றி இல்லை என்பதற்கு மட்டும் இப்படிக் குறுக்குவழி கிடையாது, ஆடித்தான் பார்க்கவேண்டும். நல்ல வேளையாகப் பலகையைத் திருப்பினால் எல்லா மூலையும் ஒன்றுதான், எல்லா ஓரமும் ஒன்றுதான், தொடக்கங்கள் மூன்றே. மூன்றுக்கும் ஓவிடம் தப்பிக்கும் பதில் இருக்கிறது.

டிக்-டாக்-டோவில் வரக்கூடிய ஆட்டங்கள் மொத்தம் 2,55,168. அவற்றில் எக்ஸ் ஜெயிப்பவை 1,31,184, ஓ ஜெயிப்பவை 77,904. டிராவில் முடிபவை 46,080 மட்டுமே, ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பிழையே செய்யாத இருவர் எத்தனை முறை ஆடினாலும் அந்த 46,080-க்குள்ளேதான் சுற்றிவருவார்கள். எதிரே இருப்பவர் அப்படிப்பட்டவரா என்று தெரியவேண்டுமானால், அடுத்த முறை நடுவை விட்டுவிட்டு 1-ல் தொடங்கிப் பாருங்கள்.