நேரம் மாறியது, ‘சரி’ மாறவில்லை

வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய செய்தியைத் திருத்தும் வசதி 2023-இல் வந்தது. அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்திக்கொள்ளலாம். எழுத்துப் பிழைக்கு இது நல்ல வசதிதான். ஆனால் நேரத்தையும் தொகையையும் இடத்தையும் இதே வழியில் மாற்றும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. கல்யாணத்துக்குப் போகும் உறவினர் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். “வேன் காலை 5.30 மணிக்குக் கிளம்பும்” என்று பெரியப்பா போடுகிறார். ஐந்து பேர் “சரி” என்கிறார்கள். பத்து நிமிடம் கழித்து, முகூர்த்தத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டும் என்று டிரைவர் சொல்ல, அதே செய்தியில் 5.30-ஐ 4.30 ஆக்கிவிடுகிறார். திருத்தினால் யாருடைய போனும் மணியடிக்காது. செய்தியும் கீழே இறங்கி வராது. ஓரத்தில் திருத்தப்பட்டதற்கான சின்னக் குறிப்பு மட்டும் சேரும், முன்பு என்ன இருந்தது என்பது தெரியாது. முதலில் படித்த ஐவரும் ஐந்தரைக்கு ஏற்ப அலாரம் வைத்துத் தூங்கப் போய்விடுவார்கள். பிறகு பார்ப்பவர்களுக்கோ, நாலரைக்கு எல்லோரும் சம்மதித்ததாகத் தோன்றும். விடியற்காலையில் “நான் மாற்றிப் போட்டேனே”, “நான் பார்த்தபோது ஐந்தரைதானே இருந்தது” என்று தகராறு வரும். இருவர் சொல்வதும் உண்மை என்பதுதான் என்னை உறுத்துகிறது. எதற்குச் சம்மதித்தோம் என்பதைக் காட்டும் சான்று அங்கே அழிந்துபோகிறது.

தவறான தகவலை அப்படியே விட்டுவைக்கலாமா என்று கேட்கலாம். வேண்டாம்தான், திருத்தத்தைப் புதுச் செய்தியாகப் போட வேண்டும். பழைய செய்தியைச் சுட்டிப் பதில் கொடுக்கும் முறையில், “5.30 இல்லை, 4.30. பார்த்தவர்கள் மறுபடி சொல்லுங்கள்” என்று எழுதினால் எல்லோருக்கும் அது புதுச் செய்தியாகவே போய்ச் சேரும், பழைய ‘சரி’யும் செல்லாமல் போகும். யாராவது படித்துவிட்டார்களா என்று அறிய, செய்தியை அழுத்திப் பிடித்து அதன் தகவல் பகுதியைத் திறந்தால் போதும். நீல டிக்கை நிறுத்தி வைத்திருப்பவர் பெயரும் குழுவில் அங்கே தெரியும். ஒருவர்கூடப் படிக்கவில்லை என்றால் தாராளமாகத் திருத்தலாம்.

அழிப்பதில் சிக்கல் வேறு. எல்லோருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் உண்டு. ஆனால் அழித்த இடத்தில் அழிக்கப்பட்டது என்ற வரி நிற்கும், அதைப் பார்த்தவர் என்னவோ ஏதோ என்று ஊகிப்பார். அதற்குள் யாராவது சுட்டிப் பதில் எழுதியிருந்தால், அந்தப் பதிலின் மேல் பழைய வாசகம் அப்படியே இருக்கும். வேறு குழுவுக்கு அனுப்பப்பட்ட பிரதியும் போகாது. வங்கிக் கணக்கு எண்ணோ அடுத்தவர் மருத்துவ அறிக்கையோ தவறிப் போய் விழுந்தால் யோசிக்காமல் அழிக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போதும், “வேறு குழுவுக்கான படம், தவறிப் போட்டுவிட்டேன், நீக்கிவிட்டேன், போனில் பதிவாகியிருந்தால் அழித்துவிடுங்கள்” என்று உடனே ஒரு வரி எழுத வேண்டும். குழுவில் அழித்தாலும், சிலருடைய போன் கேலரியில் சேமிப்பான படம் அங்கேயே கிடக்கும்.