எக்ஸ்ரே நார்மல், ஆனால் ஊன்ற முடியவில்லை

குளியலறையில் வழுக்கி விழுந்த 74 வயதுப் பாட்டி. எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. "சதைப்பிடிப்புதான்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் காலை ஊன்றினால் கவட்டியில் சுரீரென்கிறது. படுத்தபடி காலை உருட்டினாலும் வலிக்கிறது. இந்த அறிகுறிகளை நம்புங்கள், படத்தை அல்ல.

தொடை எலும்பின் கழுத்தில் விலகாத மெல்லிய முறிவு எக்ஸ்ரேக்குத் தப்பிவிடும். எம்.ஆர்.ஐ.யில் தப்பாது. முறிந்த சில மணி நேரத்திலேயே மஜ்ஜையில் நீர் கோத்துக்கொள்வதை அது காட்டிவிடும். எம்.ஆர்.ஐ. இல்லாத ஊரிலும், அதற்கு ஒவ்வாத பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் சி.டி. எடுக்கலாம், அது சில நொடிகளில் முடியும், ஆனால் எலும்பு மெலிந்தவர்களிடம் நுண்முறிவைத் தவறவிடக்கூடும். ஐசோடோப் ஸ்கேன் எலும்பு தன்னைச் சீரமைக்கும் வேலையைத்தான் பார்க்கிறது. முதியவர்களுக்கு அந்த வேலை தொடங்கவே இரண்டு மூன்று நாளாகலாம். அவசரப்பட்டு எடுத்தால் பொய்யாக நார்மல் என்று வரும். அல்ட்ராசவுண்ட் எலும்பை ஊடுருவாது. தோள் தசைநார் கிழிசலுக்குத்தான் அது கெட்டிக்காரக் கருவி.

விலகாத முறிவுக்குப் பெரும்பாலும் சில திருகாணிகளே போதும். கவனிக்காமல் நடந்து எலும்பு விலகிவிட்டால், பலருக்கு மூட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.