போனில் சொன்ன 'ஓகே' போதாது: வீட்டிலிருந்து வேலை பார்க்க எழுதிக் கேளுங்க!

மேல்மலையனூர்: சென்னை கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், பிரசவத்துக்கு மேல்மலையனூர் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 26 வார லீவு முடியப்போகுது. "வீட்லேருந்தே வேலை பாரும்மா" என்று மேனேஜர் போனில் சொல்லிட்டார். நாளைக்கே அவர் மாறிப்போனால்? "யார் சொன்னது?" என்பார் புதியவர்.

அதனால் பேசிய அன்றே மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் மெயில் போட்டுடணும். "இன்று போனில் பேசியபடி ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, காலை 10 முதல் மாலை 6 வரை, முழுச் சம்பளத்துடன் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒப்புதல் தரவும்." இவ்வளவுதான். பதில் வராமல் வீட்டிலேயே இருந்தால் ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள், உஷார்!

2017 மகப்பேறு சட்டத் திருத்தத்தில் வந்த இந்த வசதி, 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் உண்டு. ஆனால் வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையாக இருக்கணும், முதலாளியும் சம்மதிக்கணும். மில் வேலைக்கும் கடை கவுண்டருக்கும் இது ஒத்துவராது.