வயிற்றுவலிக்குப் பின்னால் இருந்த கேள்வி

உயர்நிலை மூன்றில் படித்தபோது, புதன்கிழமை காலையானால் எனக்கு வயிறு வலிக்கும். மருந்தகத்தில் இரண்டு முறை பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. வகுப்பாசிரியர் என்னைப் பள்ளி ஆலோசகரிடம் அனுப்பினார். அங்கு தந்த படிவத்தில் ‘உனக்குப் பதற்றம் உண்டா?’ என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று எழுதினேன். நான் பொய் சொல்லவில்லை. எனக்கு இருந்தது வயிற்றுவலிதானே!

இப்போது பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறேன். முதல் சந்திப்புக்கு முன் நிரப்பும் இத்தகைய படிவங்களைப் பாடத்தில் அலசியபோதுதான், என் பதில் ஏன் அப்படி அமைந்தது என்று புரிந்தது.

நான்கே மதிப்பெண்

பதற்றத்தை அளக்கப் பலரும் பயன்படுத்தும் ஒரு வினாத்தாள் ‘ஜிஏடி-7’. பெரியவர்களுக்காக 2006ல் வெளியான இது, பதின்ம வயதினருக்கும் பயன்படுத்தப்படுகிறது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஏழு கேள்விகள். ‘இல்லவே இல்லை’ என்றால் 0, ‘கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும்’ என்றால் 3. மொத்தம் 21. ஐந்து முதல் லேசான பதற்றம், பத்து முதல் மிதமானது, 15 முதல் கடுமையானது என்பது பொதுவான கணக்கு.

என் அப்போதைய நிலையை நினைவுபடுத்தி அதை நிரப்பிப் பார்த்தேன். படபடப்பு சில நாள்கள், கவலை சில நாள்கள், எரிச்சல் சில நாள்கள், இளைப்பாற முடியாதது சில நாள்கள். மொத்தம் நான்கு. ஆனால் அந்தத் தவணையில் நான் ஐந்து புதன்கிழமைகள் பள்ளிக்குப் போகவில்லை.

வினாத்தாளில் தவறில்லை. அது கேட்பது பொதுவான கவலையைப் பற்றி. வயிற்றுவலி பற்றி அதில் கேள்வியே இல்லை. வாரத்தில் ஒரே ஒரு மணி நேரத்தை மட்டும் சுற்றிவரும் பயம், அதில் சிறிய எண்ணாகவே தெரியும். அதனால்தான் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்கிறார்கள்.

‘ஏன்’ வேண்டாம், ‘எப்போது’ கேளுங்கள்

நல்ல படிவம் உடலிலிருந்து தொடங்கும். தலைவலி, வயிற்றுவலி, மூச்சுத் திணறல், தூக்கம், பசி ஆகியவற்றைக் கேட்கும். பதின்ம வயதில் பலருக்கும் பதற்றம் முதலில் உடலில்தான் தெரியும். அதற்கு விடை எழுத மனத்துக்குப் பெயர் சூட்டத் தேவையில்லை.

அடுத்து, ‘ஏன் பயப்படுகிறாய்?’ என்று கேட்டால் ‘தெரியல’ என்றுதான் பதில் வரும். ‘கடைசியாக எப்போது வந்தது? அன்று எங்கே இருந்தாய்? பிறகு என்ன செய்தாய்?’ என்று கேட்டால் நடந்ததைச் சொல்லிவிடலாம்.

என் ஆலோசகர் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு இதைத்தான் செய்தார். புதன்கிழமை முதல் பாடம் ஆங்கிலம். ஒவ்வொருவராக எழுந்து பேச வேண்டும். வீட்டில் தங்கிவிட்டால் ஒன்பது மணிக்கெல்லாம் வலி போய்விடும். ‘அதனால் எதையெல்லாம் தவிர்க்கிறாய்?’ என்று கேட்டார். பேச்சு, குழு வேலை, உணவகத்தில் வரிசையில் நின்று வாங்குவது எனப் பட்டியல் நீண்டது. தவிர்த்ததும் கிடைக்கும் நிம்மதிதான் அடுத்த வாரப் பயத்துக்குத் தீனி போடுகிறது. இந்தச் சுழலைக் காட்டித் தருவது அந்த ஒரு கேள்விதான்.

அம்மா பக்கத்தில் இருந்தால்?

தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்ற கேள்வியும் படிவத்தில் இருக்கும். நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ‘இல்லை’ என்றுதான் யாரும் எழுதுவர். எனவே பெற்றோருக்குத் தனித் தாள் தந்து, மாணவரைத் தனியாகக் கேட்பது நல்லது.

அதற்கும் முன்னால், எது இரகசியமாக இருக்கும், எது இருக்காது என்பதைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, யாராவது உங்களைத் துன்புறுத்தினாலோ, ஆலோசகர் பிறரிடம் சொல்லியாக வேண்டும். இதைப் பிறகு தெரிந்துகொள்ளும் மாணவர், அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்.

உங்களிடம் இப்படியொரு படிவம் வந்தால், புரியாத கேள்வியை வெறுமையாக விட்டுவிட்டு அதை நேரில் கேட்கலாம். ‘இல்லை’ என்பதைவிட ‘தெரியவில்லை’ ஆலோசகருக்கு அதிகம் சொல்லும். சந்திப்பு நாள்வரை காத்திருக்க முடியாத நிலை என்றால், சிங்கப்பூரில் 1767 என்ற எண்ணில் எஸ்ஓஎஸ் அமைப்பை எந்நேரமும் அழைக்கலாம்.

நான் முதலில் ஆலோசகர் முன்னால் மட்டும் இரண்டு நிமிடம் பேசினேன். பிறகு இரண்டு தோழிகள் முன்னால். வகுப்பில் பேசிய புதன்கிழமையும் வயிறு வலித்தது. ஆனால் அன்று பள்ளிக்குப் போயிருந்தேன்.