காரில் சார்ஜ் போட்டும் ஏன் குறைகிறது?

கார் ஸ்டீரியோவின் யுஎஸ்பி துளையில் போனைச் செருகி, மேப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சார்ஜ் ஏறியிருக்காது. சில சமயம் குறைந்தே இருக்கும். போனிலோ கேபிளிலோ கோளாறு இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தத் துளை, பென் டிரைவில் பாட்டுக் கேட்பதற்காக வைக்கப்பட்டது.

யுஎஸ்பி 2.0 விதிப்படி அது தரவேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட் மட்டுமே. டிவி, ரவுட்டர் துளைகள் பலவும் இதே ரகம்தான். 5000 எம்ஏஎச் பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி அடங்கும். போன் சும்மா கிடந்தாலும் நிரம்ப எட்டு மணி நேரத்துக்கு மேலாகும். திரை வெளிச்சம், ஜிபிஎஸ், இணையம் மூன்றும் ஓடினால் வருவது அத்தனையும் அங்கேயே செலவாகிவிடும்.

போன் ஏன் அதிகமாக இழுப்பதில்லை? சாதாரண சார்ஜரில் டேட்டா கம்பிகள் இரண்டும் உள்ளே ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். அதை வைத்துத்தான் போன் சார்ஜரை அடையாளம் கண்டு, 1.5 ஆம்பியர் வரை எடுக்கும். ஸ்டீரியோவில் அந்த இணைப்பு இல்லாததால், கம்ப்யூட்டரில் செருகியதாக எண்ணி அடக்கி வாசிக்கிறது. 'மெதுவாக சார்ஜ் ஆகிறது' என்று திரையில் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நீண்ட பயணமென்றால், 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் தனி கார் சார்ஜரை வாங்கிவிடுங்கள்.