சடங்கில்லாத் துயரம்

பம்பலப்பிட்டித் தமிழர் இல்லத்தில் முதியவர் ஒருவர் மறைந்தால் துடக்கு உண்டு, எட்டுச்செலவு உண்டு, 31ஆம் நாள் அந்தியேட்டியும் உண்டு. அவற்றை முன்னிட்டு உற்றார் வந்து துயரைப் பகிர்வர். ஐந்தாந் திங்களிற் கரு அழிந்தாலோ இவை நிகழ்வதில்லை; ஆதலின் வருவாரும் அரியர். தகப்பன் மறுநாளே கந்தோருக்குச் செல்கின்றான்.

தாயின் உடலோ இழப்பை நன்கறியும். நஞ்சுக்கொடி நீங்கியதும், பாலைத் தடுத்துநின்ற ஓமோன் குறைகின்றது. சில நாள்களில் மார்பிற் பால் கட்டுகின்றது. உண்ண மகவில்லை. "அடுத்தது தங்கும் பிள்ளை" என்று கூறி அயலார் அகல்வர்.

சமூகம் ஏற்க மறுக்கும் இத்தகைய துயரை, உரிமை மறுக்கப்பட்ட துயர் எனக் கென்னெத் டோக்கா 1989இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். பண்டை மறக்குலத்தாரோ அவ்வுரிமையை மறுத்திலர். இறந்து பிறந்த மகவையும், உருப்பெறாத ஊன்பிண்டத்தையுங்கூட ஆளென மதித்து அவர்கள் வாளால் வடுப்படுத்திய வழக்கைப் புறநானூற்றின் 74ஆம் பாட்டு உணர்த்துகின்றது.